கடையை மூடுவோரும் இறுதி அறிக்கையும்

காவிரிப் பாசனப் பிரதேசத்தில் உரமும் பூச்சிமருந்தும் விற்கும் ஒருவர் தொழிலை விட்டுவிடத் தீர்மானித்தால், அதற்கு வாகான காலம் தையும் மாசியுந்தான். சம்பா அறுவடையாகி, நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் எடைபோடப்பட்டு, குடியானவர் கையில் நாலு காசு புழங்கும் பருவம் அது. நாற்றங்கால் காலத்திலிருந்து நோட்டில் எழுதி வைத்த கடன்களில் வசூலாகக்கூடியவை அப்போதுதான் வசூலாகும். கடைக்காரர் முன்பணத்தைக் கட்டிட உரிமையாளரிடம் திரும்பப் பெற்று, பலகையை இறக்கி, சாவியைக் கொடுத்துவிட்டால் வியாபாரம் முடிந்ததென்று ஊரார் நினைக்கிறார்கள். அவருமே அப்படித்தான் நினைக்கிறார். ஆனால் சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் கண்ணில் அந்தக் கடை இன்னும் திறந்தே இருக்கிறது. அதை மூடுவதற்கு விண்ணப்பம் ஒன்று, உத்தரவு ஒன்று, அதற்கும் பிறகு இறுதி அறிக்கை ஒன்று என்று மூன்று காரியங்கள் கிரமமாக நடந்தேற வேண்டும். இவற்றில் மூன்றாவதையே அநேகர் அறியாது விடுகின்றனர்; பணம் போவதும் அங்கேதான்.

விற்பனைக்கு வரி என்பது நம் பக்கத்து வியாபாரிகளுக்குப் புதிதல்ல. மதுவிலக்கினால் குறைந்த வருமானத்தை ஈடுசெய்ய ராஜாஜியின் மந்திரிசபை 1939-இல் சென்னை மாகாணப் பொது விற்பனை வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இந்தியாவிலேயே முதலாவது பொது விற்பனை வரி அதுதான். பின்னர் 1959-ஆம் வருஷத்துச் சட்டமும், 2007 ஜனவரி முதல் மதிப்புக் கூட்டு வரியும், 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி.யும் ஒன்றன்பின் ஒன்றாக அந்த இடத்துக்கு வந்தன. இன்றைய முறையில் விண்ணப்பம், கணக்கு, பணம் எல்லாமே இணையதளத்தின் வழியே நடப்பதால், அதிகாரியை நேரில் கண்டு விஷயத்தைச் சொல்லித் தெளிந்துகொள்ளும் சந்தர்ப்பம் குறைந்துவிட்டது. கணக்கெழுதும் ஆடிட்டர் நினைவூட்டினால் உண்டு. அவருக்குக் கொடுக்க வேண்டிய மாதச் சம்பளத்தைக் கடை மூடியவுடன் நிறுத்திவிட்டவருக்கு அந்த நினைவூட்டலும் வருவதில்லை.

முதலில் யாருக்கு இந்தச் சிரமம், யாருக்கு இல்லை என்று பிரித்துவிடுவது நல்லது. தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவரின் வருஷ விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை அவர் பதிவு செய்துகொள்ள வேண்டிய கட்டாயமே பொதுவாக இல்லை; இதே டெல்டாவின் கடலோரத்தில் உள்ள காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்ததாகையால் அங்கே அந்த வரம்பு 20 லட்சம் என்பது எல்லையோரக் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய விசித்திரம். பதிவு செய்துகொண்டவர்களிலும் காம்போசிஷன் முறையில் விற்றுமுதலுக்கு ஒரு சதவீதம் கட்டிவந்த சிறு வியாபாரிக்கு நாம் பேசப்போகும் இறுதி அறிக்கை கிடையாது. அவர் காலாண்டுக்குரிய CMP-08 படிவத்தையும் வருஷத்துக்குரிய GSTR-4 அறிக்கையையும் முடித்துவிட்டால் போதும். வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொண்டு வந்தவர்களாகிய சாதாரணப் பதிவுதாரர்களுக்கே இறுதி அறிக்கை உரியது. காரணம் எளிது: அவர்கள் சர்க்காரிடமிருந்து முன்கூட்டியே வரவு பெற்றிருக்கிறார்கள், விற்காமல் மிஞ்சிய சரக்கின்மேல் பெற்ற வரவைத் திருப்பித் தராமல் வெளியேறச் சட்டம் இடந்தராது.

வழிமுறையைத் தொடங்கும் விண்ணப்பத்தின் பெயர் REG-16. தொழில் நின்ற நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அதைத் தாக்கல் செய்ய வேண்டும். தளத்தில் Services > Registration > Application for Cancellation of Registration என்ற இடத்தில் அது திறக்கும். ரத்துக்குக் காரணம், ரத்து எந்தத் தேதியிலிருந்து வேண்டும், இனிக் கடிதம் எந்த விலாசத்துக்கு வர வேண்டும், கையிருப்புச் சரக்கும் அதன்மேல் வரியும் எவ்வளவு என்பவற்றைக் கேட்கும். மூடப்போகும் கடையின் விலாசத்தையே கடித விலாசமாகக் கொடுத்துவிட்டு, பிறகு வந்த நோட்டீஸைக் காணாமல் தவிப்பவர்கள் உண்டாகையால் வீட்டு விலாசத்தை எழுதுவதே விவேகம். அதைவிட முக்கியமானது, பதிவில் உள்ள கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் உயிரோடு வைத்திருப்பது. கடைக்கென்று வைத்திருந்த சிம் கார்டை நிறுத்திவிட்டால் ஒவ்வொரு கையெழுத்துக்கும் வரவேண்டிய ஓ.டி.பி. வந்து சேராது.

விண்ணப்பம் போட்ட நாள், அல்லது ரத்து கோரப்பட்ட நாள், இவற்றில் எது பிந்தியதோ அன்றுமுதல் பதிவு நிறுத்திவைக்கப்பட்ட ஸ்திதிக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வரியிட்டு ஒரு பில்கூடப் போடலாகாது. அந்தக் காலத்துக்கு மாதாந்தர ரிட்டர்னும் கேட்கப்படுவதில்லை. விண்ணப்பத்தில் குறையிருந்தால் அதிகாரி விளக்கம் கேட்பார். பதிலளிக்க ஏழு வேலை நாட்களே அவகாசம். குறையில்லாவிட்டால் 30 நாட்களுக்குள் REG-19 என்ற ரத்து உத்தரவு வர வேண்டும். கையிருப்புக்கான வரியை முன்னதாகக் கட்டினால்தான் விண்ணப்பத்தை ஏற்போம் என்று சொல்ல வேண்டியதில்லை என்றும், அதை இறுதி அறிக்கையோடு கட்டினாலும் போதும் என்றும் மத்திய வாரியம் 2018 அக்டோபர் 26-ஆம் தேதிச் சுற்றறிக்கையிலேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. கடைசி மாதப் பணமுடையில் உள்ள வியாபாரிக்கு இது பெரிய அனுகூலம்.

இனி இவ்விஷயத்தின் கருவுக்கு வருவோம். இறுதி அறிக்கையின் பெயர் GSTR-10. ரத்து அமலுக்கு வரும் தேதி, ரத்து உத்தரவின் தேதி என்ற இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து மூன்று மாதங்களுக்குள் அதைத் தாக்கல் செய்ய வேண்டும். அதில் கேட்கப்படும் கேள்வி உண்மையில் ஒன்றே: ரத்து அமலுக்கு வருவதற்கு முந்திய நாள் கடையில் என்னென்ன இருந்தன? அந்தச் சரக்கை வாங்கும்போது எடுத்த வரி வரவு ஒரு தொகை. அதே சரக்கை அன்று விற்றிருந்தால் விழுந்திருக்கும் வரி இன்னொரு தொகை. இரண்டில் எது அதிகமோ அதைச் செலுத்த வேண்டும் என்பது சட்டத்தின் 29-ஆம் பிரிவு விதித்த நியமம். 'எது அதிகமோ' என்ற இந்த இரண்டு சொற்களே ஒரு சிறு கடையின் கடைசிக் கணக்கில் சில ஆயிரங்களைக் கூட்டவும் குறைக்கவும் வல்லவை.

பாபநாசம் வட்டாரத்தில் ஒரு கற்பனைக் கடையை வைத்து இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கடைக்காரர் 2026 ஜனவரி 31-ஆம் தேதி மாலையோடு வியாபாரத்தை நிறுத்துகிறார். பிப்ரவரி 1 முதல் ரத்து கோருகிறார். ஆகவே அவர் எண்ண வேண்டியது ஜனவரி 31-ஆம் தேதி இரவுக் கையிருப்பை. ஷெல்பில் இருப்பவை நான்கு வகை. வரி விதிக்கப்படாத விதைநெல் ஒன்று; அதற்கு வரவும் இல்லை, செலுத்துவதும் இல்லை. இரண்டாவது 18 சதவீத வரியுள்ள பூச்சிமருந்து: வாங்கிய விலை 60,000 ரூபாய், எடுத்த வரவு 10,800, விற்றால் கிடைக்கும் விலை 70,000 என்றால் அதன்மேல் வரி 12,600. இங்கே விற்பனை வரியே அதிகமாகையால் 12,600 செலுத்த வேண்டும். மூன்றாவது 5 சதவீத வரியுள்ள உரம்: வாங்கிய விலை 40,000, வரவு 2,000, விலை 42,000 என்றால் வரி 2,100, செலுத்த வேண்டியது 2,100.

நான்காவதுதான் வேடிக்கையானது. நெல்லுக்கு இடும் நுண்ணூட்டக் கலவையை அவர் 2025 ஆகஸ்டில் சம்பாப் பருவத்தை உத்தேசித்து 25,000 ரூபாய்க்கு வாங்கினார். அப்போது வரி 12 சதவீதம், எடுத்த வரவு 3,000. 2025 செப்டம்பர் 22 முதல் அதன் வரி 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. இன்று 28,000 ரூபாய்க்கு விற்றாலும் விழும் வரி 1,400 தான். ஆனால் விற்காமல் ஷெல்பிலேயே வைத்துக்கொண்டு பதிவை ரத்து செய்தால், 'எது அதிகமோ' என்ற நியமப்படி பழைய வரவாகிய 3,000 முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும். இதைப் பார்த்தவுடனே விளங்குவது என்னவென்றால், வரி குறைக்கப்பட்ட சரக்கைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு வெளியேறுவது நஷ்டம். ஜனவரி 31-க்கு முன்பே பக்கத்து ஊர்க் கடைக்காரருக்கு முறையான பில் போட்டு 5 சதவீத வரியோடு விற்றுவிட்டால், முன்பு 12 சதவீதத்தில் எடுத்த வரவைத் திருப்பித் தர வேண்டிய அவசியம் எழுவதில்லை. ஏனெனில் வரி விதிக்கத்தக்க விற்பனைக்கு அந்தச் சரக்கு பயன்பட்டுவிட்டது. மொத்த வியாபாரியிடமே திருப்பியனுப்பி கிரெடிட் நோட் பெறுவதும் வழிதான். அப்போது வரவு திரும்பிப் போனாலும் விலையோடு வரியும் கைக்கு வந்துவிடுகிறது. இரண்டில் எதுவாயினும் பில் தேதி ரத்துத் தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும். ரத்துக்குப் பின் மனமாற்றம் வந்தால் பயனில்லை.

கடையில் உள்ள கணினி, அச்சு இயந்திரம் முதலியவற்றுக்குக் கணக்கு வேறு. அவற்றின் ஆயுள் ஐந்து வருஷம், அதாவது 60 மாதம் என்று சட்டம் வைத்துக்கொள்கிறது. நம் கடைக்காரர் 2023 பிப்ரவரி 1 அன்று 40,000 ரூபாய்க்குக் கணினி வாங்கி 7,200 ரூபாய் வரவு எடுத்திருந்தால், 36 மாதம் கழிந்து 24 மாதம் பாக்கி. 7,200-ஐ 60-ஆல் வகுத்து 24-ஆல் பெருக்க வருவது 2,880. அதைப் பழைய சாமானாக 10,000 ரூபாய்க்குக் கொடுத்தால் வரி 1,800. அதிகமானது 2,880 ஆகையால் அதுவே கட்ட வேண்டிய தொகை. ஆகப் பூச்சிமருந்து, உரம், நுண்ணூட்டம், கணினி எல்லாம் சேர்ந்து 20,580 ரூபாய். அவருடைய வரவுக் கணக்கில் 9,400 ரூபாய் மிச்சமிருந்தால் அதை இதில் கழித்துக்கொள்ளலாம். மீதி 11,180-ஐ ரொக்கமாகக் கட்ட வேண்டும். நுண்ணூட்டத்தை முன்னமே விற்றிருந்தால் இந்த ரொக்கத்தில் 1,600 ரூபாய் குறைந்திருக்கும்.

தேதி தாண்டிய மருந்துப் புட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. காலாவதியான பூச்சிமருந்தை விற்க முடியாது. ஆகவே அதற்கு விலையில்லை, வரியும் இல்லை என்று சிலர் அதைக் கையிருப்பிலேயே காட்டுவதில்லை. இது பிழை. அழிக்கப்பட்ட, தள்ளுபடி செய்யப்பட்ட சரக்கின்மேல் எடுத்த வரவைத் திருப்பித் தர வேண்டுமென்பது சட்டத்தின் 17-ஆம் பிரிவில் தனியே உள்ளது; அதைக் கடைசி மாத GSTR-3B அறிக்கையிலேயே திருப்பிவிடுவது சுத்தமான வழி. வாங்கிய பில்கள் காணாமற்போன சரக்குக்கு அன்றைய சந்தை விலையை வைத்து மதிப்பிடலாமென்றாலும், அந்த மதிப்பீட்டுக்குச் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் அல்லது காஸ்ட் அக்கவுண்டன்டின் சான்றிதழ் வேண்டும். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் சில சமயம் வரியையே மிஞ்சும். மானிய உரம் விற்பவர்களிடம் ஆதார் விரல்ரேகை வாங்கும் பி.ஓ.எஸ். மெஷின் இருக்கிறது; அதில் தெரியும் மூட்டைக் கணக்கும் இறுதி அறிக்கையில் எழுதும் கணக்கும் ஒன்றோடொன்று முரண்பட்டால் கேள்வி வருமென்று எதிர்பார்ப்பதே ஜாக்கிரதை. வேளாண்மைத் துறையின் உர, மருந்து உரிமங்கள் தனி விஷயம். வரிப் பதிவு ரத்தானதால் அவை தாமே ரத்தாவதில்லை.

இந்தப் பக்கத்துக்கே உரிய இன்னொரு சங்கடம் நோட்டுக் கடன். அறுவடைக்குப் பிறகு தருவதாகச் சொல்லி ஆடியில் மருந்து வாங்கிச் சென்றவரின் பில்லுக்கு வரி அந்த மாதமே கட்டப்பட்டுவிட்டது. அவர் பணம் தராமலே போனாலும், வராக்கடன் என்று சொல்லி அந்த வரியைத் திரும்பப் பெற இச்சட்டத்தில் வழியில்லை. ஆனால் ரத்துக்குப் பிறகு பழைய பாக்கியை வசூலிப்பது புது விற்பனை ஆகாது. பங்குனியில் வந்து கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளலாம், அதற்கு வரி இல்லை. ரத்தாகிவிட்டதே என்று பயந்து வசூலைக் கைவிட வேண்டியதில்லை.

காலக்கெடுவை மீண்டும் நம் கடைக்கே பொருத்திப் பார்ப்போம். REG-16 தாக்கல் செய்யக் கடைசி நாள் மார்ச் 2. அவர் பிப்ரவரி 5 அன்றே செய்துவிடுகிறார். ஜனவரி மாத விற்பனைக்குரிய GSTR-1-ஐப் பிப்ரவரி 11-க்குள்ளும் GSTR-3B-ஐ 20-க்குள்ளும் முடிக்கிறார். மூன்று மாதத்துக்கொருமுறை தாக்கல் செய்பவராக இருந்தால் அந்தக் காலாண்டு அறிக்கையை அதற்குரிய தேதியில் முடிக்க வேண்டும். ரத்து உத்தரவு பிப்ரவரி 25 அன்று வந்தால், GSTR-10-க்குக் கடைசி நாள் மே 25. தளத்தில் Services > Returns > Final Return என்ற இடத்தில் அது இருக்கும்; தாக்கல் செய்தபின் திருத்த முடியாது என்பதால் எண்ணிக்கையை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்ப்பது அவசியம்.

அந்த மே 25-ஐ மறந்தால் என்ன ஆகும்? மத்தியச் சட்டத்தின்கீழ் நாளொன்றுக்கு 100, மாநிலச் சட்டத்தின்கீழ் 100, ஆக 200 ரூபாய் தாமதக் கட்டணம். உச்சவரம்பு 5,000-மும் 5,000-மும் சேர்ந்து 10,000. ஐம்பது நாளில் அந்த உச்சத்தைத் தொட்டுவிடும். மாதாந்தர ரிட்டர்னில் விற்பனையே இல்லாதவருக்குக் கட்டணத்தை 500 ரூபாய்க்குள் அடக்கிய சர்க்கார், கையிருப்பே இல்லாமல் வெறுமையான இறுதி அறிக்கை தர வேண்டியவருக்கு அதே சலுகையை நிரந்தரமாகத் தரவில்லை. 2023-இல் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் 31 வரை தாக்கல் செய்தவர்களுக்கு மட்டும் ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட கட்டணத்தைத் தள்ளுபடி செய்தார்கள், அதோடு சரி. விற்பதற்கும் கட்டுவதற்கும் ஒன்றுமில்லாதவரிடம் பத்தாயிரம் கேட்பது நியாயமற்றதென்பது என் அபிப்பிராயம்.

கட்டணத்தோடு விஷயம் நிற்பதுமில்லை. இறுதி அறிக்கை வராவிட்டால் GSTR-3A என்ற நோட்டீஸ் வந்து 15 நாள் அவகாசம் தரும். அதையும் கவனியாவிட்டால் அதிகாரி தம் உத்தேசப்படி வரியை நிர்ணயித்து உத்தரவு போடலாம். அந்த உத்தரவு கிடைத்த 60 நாட்களுக்குள் ஒழுங்கான அறிக்கையைத் தாக்கல் செய்து பாக்கியைக் கட்டினால் அது தானே ரத்தாகிவிடும் என்பது தெரியாமல், உத்தரவையே முடிவென்று கருதி அஞ்சுபவர்கள் அநேகர்.

விண்ணப்பமே போடாமல் கதவைப் பூட்டிக்கொண்டு போவோரின் கதை இதைவிடச் சிக்கல். ஆறு மாதம் தொடர்ந்து ரிட்டர்ன் வராவிட்டால் அதிகாரியே நோட்டீஸ் அனுப்பிப் பதிவை ரத்து செய்யலாம். 'அவர்களே ரத்து செய்துவிட்டார்கள், நல்லதாயிற்று' என்று சிலர் ஆறுதல் அடைகின்றனர். ஆனால் அந்த ரத்துக்கு முந்திய மாதங்களின் ரிட்டர்ன்களும் அவற்றின் கட்டணமும் நிற்கின்றன, இறுதி அறிக்கையும் நிற்கிறது. மறுபடி கடை திறக்க விரும்புகிறவர் உத்தரவு கிடைத்த 90 நாட்களுக்குள் ரத்தை நீக்கக் கோர வேண்டும். கெடு தாண்டிய சிறு வியாபாரிகள் பலர் தொடுத்த வழக்குகளில், சேலத்துச் சுகுணா கட்பீஸ் சென்டர் என்ற துணிக்கடையின் பெயரால் அறியப்படும் தீர்ப்பை 2022 ஜனவரி 31-ஆம் தேதி வழங்கிய சென்னை உயர் நீதிமன்றம், பாக்கி ரிட்டர்ன்களைத் தாக்கல் செய்து வரியும் வட்டியும் தாமதக் கட்டணமும் கட்டும் நிபந்தனையின்பேரில் பதிவை மீட்டுக் கொடுத்தது. வியாபாரத்தைத் தொடர நினைப்பவருக்கு அந்த வழி உதவும். மூடிவிட்டவருக்கு அதனால் பிரயோஜனமில்லை.

உரிமையாளர் காலமாகி மகன் கடையைத் தொடரும் குடும்பங்களில் மூடும் பிரச்சினையே வேறு உருவம் கொள்கிறது. அங்கே தகப்பனாரின் பதிவை வாரிசு ரத்து செய்யக் கோரி, தம் பெயரில் புதுப்பதிவு பெற்று, மிஞ்சிய வரவை ITC-02 படிவத்தின் மூலம் மாற்றிக்கொள்ளலாம். 2019 மார்ச் 28-ஆம் தேதிச் சுற்றறிக்கை இதை விளக்குகிறது. புதுப்பதிவு கைக்கு வருமுன்பே பழையதை ரத்து செய்ய அவசரப்படாமல் இருப்பதே இதில் கவனிக்க வேண்டியது.

ரொக்கக் கணக்கில் தவறுதலாக அதிகமாகக் கட்டிய பணம் மிஞ்சியிருந்தால் RFD-01 மூலம் திரும்பப் பெறலாம். அது வந்து சேரும்வரை கடையின் வங்கிக் கணக்கை மூடக்கூடாது. இவையெல்லாம் முடிந்த பிறகும் பில் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிட முடியாது. வருஷாந்தர அறிக்கைக்குரிய கெடுத் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டுமென்பது சட்டம்; நம் பாபநாசத்துக் கடைக்காரரின் கடைசி வருஷமாகிய 2025–26-க்கு அந்தக் கெடு 2026 டிசம்பர் 31. ஆகவே அவருடைய பில்கள் 2032 டிசம்பர் 31 வரை வீட்டுப் பரணில் இருந்தாக வேண்டும்.